கழித்தால் ஏன் படம் முழுக்கப் புள்ளி? கேமராவால் பிசிபி பழுது பிடிப்பது

கேள்வி: எங்கள் சிறிய யூனிட்டில் ஒரு நாளைக்கு 200 போர்டு அசெம்பிள் செய்கிறோம். ஏஓஐ இயந்திரம் வாங்கும் வசதி இல்லை. ராஸ்ப்பெரி பை, ஒரு நல்ல கேமரா, ஓபன்சிவி இவற்றை வைத்து, விடுபட்ட ரெசிஸ்டரையும் திருப்பி வைத்த டையோடையும் பிடிக்கப் பார்க்கிறேன். நல்ல போர்டின் படத்திலிருந்து புதிய போர்டின் படத்தைக் கழித்தால், நல்ல போர்டுக்கே படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. எங்கே தப்பு?

பதில்:

கழிக்கும் கோட் சரியாகத்தான் இருக்கும். இரண்டு படங்களும் உண்மையிலேயே வேறுபடுகின்றன, ஆனால் அந்த வேறுபாடு பழுதிலிருந்து வரவில்லை. வெளிச்சம் ஆடலாம், போர்டு சற்று நகர்ந்திருக்கலாம், இரண்டு நல்ல போர்டுகளுக்குள் இயல்பாகவே வித்தியாசம் இருக்கலாம். இந்த மூன்றும் கலந்துதான் உங்கள் திரையில் புள்ளிகளாகத் தெரிகின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளந்துவிட்டால் எதை எங்கே சரிசெய்வது என்பது தெளிவாகிவிடும். த்ரெஷோல்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

போர்டு சுமார் 100 × 80 மி.மீ. என்றும், கேமரா பையின் ஹெச்.க்யூ. கேமரா என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதன் சென்சாரில் 4056 × 3040 பிக்சல். 16 மி.மீ. லென்ஸைப் போர்டுக்கு மேல் சுமார் 320 மி.மீ. உயரத்தில் பொருத்தினால் 120 × 90 மி.மீ. பரப்பு படத்தில் அடங்கும். அதாவது 1 மி.மீ.க்கு ஏறத்தாழ 33 பிக்சல். 0603 ரெசிஸ்டர் 1.6 × 0.8 மி.மீ. என்பதால் படத்தில் 53 × 27 பிக்சலாக விழும். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இது தாராளம். லென்ஸின் துளையை எஃப்/4 அளவில் வையுங்கள். ஆழமாக ஃபோகஸ் கிடைக்கட்டும் என்று எஃப்/11 வரை மூடினால், இந்தச் சென்சாரின் பிக்சல் வெறும் 1.55 மைக்ரான் என்பதால் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவே படத்தை மழுங்கடித்துவிடும்.

சரி, முதல் சோதனை. ஒரு போர்டை ஜிக்கில் வையுங்கள். அதைத் தொடாமல் 50 படம் எடுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த 50 படங்களில் மதிப்பு எவ்வளவு ஆடுகிறது என்று ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்கிட்டு, அதையே ஒரு படமாக்கிப் பாருங்கள். போர்டு நகரவில்லை, வேறு போர்டும் வைக்கவில்லை. ஆகவே இங்கே தெரியும் ஆட்டம் முழுவதும் கேமராவிலிருந்தும் விளக்கிலிருந்தும் மட்டுமே வருகிறது. 0 முதல் 255 வரையுள்ள அளவில் இது 2 அல்லது 3-க்குள் இருந்தால் நல்லது. போர்டு முழுவதும் சீராக 8, 10 என்று ஏறினால் கேமரா தானாகவே எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றை இப்படிப் பூட்டுங்கள்:

```python
picam2.set_controls({
    "AeEnable": False, "AwbEnable": False,
    "ExposureTime": 20000, "AnalogueGain": 1.0,
    "ColourGains": (2.1, 1.6)})
```

`ColourGains` எண்கள் உங்கள் விளக்கைப் பொறுத்தவை. ஒரு வெள்ளைத் தாளை வைத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய சமமாக வரும் வரை மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தை ஜேபெக்காக இல்லாமல் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கும்போது விளிம்புகளைச் சுற்றித் தன் பங்குக்கு அழுக்கு சேர்க்கும்.

அந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன் படத்தில் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். எனக்கே இது நடந்தது. ஒரு யூனிட்டில் அமைப்பை நிறுவிக்கொடுத்தபோது, எல்இடி பட்டையின் வெளிச்சத்தைக் குறைக்கக் கடையில் கிடைத்த ஒரு டிம்மரை இடையில் போட்டேன். கண்ணுக்கு வெளிச்சம் அசையாமல் இருந்தது. ஆனால் அந்த டிம்மர் மின்னோட்டத்தைக் குறைக்கவில்லை. விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைத்தது. இந்தக் கேமரா படத்தை ஒரேயடியாக எடுக்காமல் மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கும். ஆகவே விளக்கு அணைந்திருந்த நேரம் அதிகம் சிக்கிய வரிகள் மங்கலாகவும் மற்றவை வெளிச்சமாகவும் வந்தன. ஒவ்வொரு படத்திலும் பட்டையின் இடம் மாறியதால் பழுது அறிவிப்பும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் புரோகிராமைக் குடைந்த பிறகுதான் இந்த 50 படச் சோதனையைச் செய்தேன். பத்தே நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. டிம்மரைக் கழற்றிவிட்டு, நிலையான டிசி மின்னோட்டம் தரும் டிரைவரைப் போட்டதும் பட்டை போனது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள், டிம்மர் வேண்டாம். அறையின் டியூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் உள்ளே வராமல் கறுப்புத் துணியாலோ பெட்டியாலோ மூடிவிடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், அதுவும் இதே பட்டையைக் கொடுக்கக்கூடும். இன்னொன்று, எல்இடி சூடேறும்போது வெளிச்சம் கொஞ்சம் இறங்கும். காலையில் போட்டவுடன் வேலையைத் தொடங்காமல் 15, 20 நிமிடம் எரியவிடுங்கள்.

விளக்கின் வடிவமும் முக்கியம். சால்டர் கண்ணாடி மாதிரி. ஒரு பக்கத்திலிருந்து ஒளி அடித்தால் சால்டரின் வளைவில் எங்காவது ஒரு புள்ளி 255 வரை எரிந்து நிற்கும். அடுத்த போர்டில் சால்டர் சற்று வேறு வடிவத்தில் உறைந்திருக்கும், அந்தப் புள்ளி வேறு இடத்துக்குப் போய்விடும். எல்லாத் திசையிலிருந்தும் மென்மையான ஒளி வந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பாத்திரக்கடையில் 30 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோள எவர்சில்வர் பேசின் ஒன்று வாங்கி, உள்ளே பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்து, கவிழ்த்து, உச்சியில் கேமரா பார்ப்பதற்கு 8.5 செ.மீ. துளை போடுங்கள். எல்இடி பட்டையை விளிம்பில் உள்பக்கமாக, மேல்நோக்கி ஒட்டுங்கள். ஒளி நேராகப் போர்டில் படாமல் பேசினின் உள்சுவரில் பட்டுச் சிதறித்தான் கீழே வரவேண்டும். இதில் ஒரு குறை உண்டு. துளை இருக்கும் இடத்திலிருந்து ஒளி வராது என்பதால், போர்டின் நடுவே சுமார் 5, 6 செ.மீ. வட்டத்தில் தட்டையான பளபளப்புகள் இருண்டு தெரியும். பயப்பட வேண்டாம். எல்லாப் போர்டிலும் அது அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் நடுவில் உள்ள பாகத்துக்குப் பொருந்தும் அளவுகோலை ஓரத்தில் உள்ள பாகத்துக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது சோதனை: அதே போர்டை 20 முறை எடுத்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படம். மறுபடி அதே கணக்கு. இப்போது பாகங்களின் விளிம்புகள் மட்டும் பிரகாசமாக ஒளிரும். உங்கள் புள்ளிகளில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். கறுப்பு ரெசிஸ்டரின் உடல் 40, பக்கத்து சால்டர் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 160 அளவு வித்தியாசம் இரண்டு பிக்சலுக்குள் ஏறிவிடுகிறது, அதாவது பிக்சலுக்கு 80. போர்டு அரை பிக்சல், அதாவது 0.015 மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே அந்த விளிம்பில் 40 அளவு வேறுபாடு வந்துவிடும். த்ரெஷோல்டு 30 என்றால் எல்லா விளிம்பும் பழுதாகத் தெரியும்.

எந்த ஜிக்காலும் 0.015 மி.மீ. துல்லியமாகப் போர்டை வைக்க முடியாது. ஆகவே படத்தில்தான் பொருத்த வேண்டும். போர்டில் ஃபிடுஷியல் இருக்கும், சால்டர் மாஸ்க் இல்லாத வட்டத்தின் நடுவே 1 மி.மீ. செம்புப் புள்ளி. படத்தில் அது 33 பிக்சல் அகலம். `cv2.matchTemplate` கொண்டு அது இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, பிறகு அந்த வட்டத்தின் ஈர்ப்புமையத்தை `cv2.moments` கொண்டு எடுத்தால் பிக்சலின் பின்னம் வரை இடம் கிடைக்கும். மூலைகளில் மூன்று கிடைத்தால் போதும்:

```python
M, _ = cv2.estimateAffinePartial2D(found, ref)
img = cv2.warpAffine(img, M, (4056, 3040))
```

`found` என்பது இந்தப் படத்தில் கிடைத்த மூன்று மையங்கள், `ref` என்பது மாதிரிப் படத்தில் அவற்றின் இடங்கள். ஃபிடுஷியல் இல்லாத போர்டு என்றால் திருகுத் துளைகளைப் பயன்படுத்தலாம், ஆனால் துளை இடும் இயந்திரமும் செம்பு அச்சும் சற்று விலகியிருக்கும் என்பதால் அது அவ்வளவு நம்பகமில்லை.

படத்தில் பொருத்துகிறோம் என்பதற்காக ஜிக்கை அலட்சியம் செய்யாதீர்கள். உயரமான பாகங்கள் இங்கே சிக்கல் செய்யும். 12 மி.மீ. உயரமுள்ள எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் உச்சி, அதன் அடியைவிட வெளிப்பக்கமாகச் சாய்ந்ததுபோல் கேமராவுக்குத் தெரியும். நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருந்தால் இந்தச் சாய்வு ஏறத்தாழ 2 மி.மீ. போர்டு எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் சாய்வும் மாறாது. ஆனால் போர்டு 3 மி.மீ. நகர்ந்தால், ஃபிடுஷியலை வைத்துப் பொருத்திய பிறகும் உச்சி 4 பிக்சல் தள்ளியே நிற்கும். ஃபிடுஷியல் போர்டின் தளத்தில் இருக்கிறது, உச்சி தளத்தில் இல்லை. இரண்டு ஊசிகளில் போர்டின் துளைகளைச் சொருகி, கால் மி.மீ.க்குள் உட்கார வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த இரண்டையும் சரிசெய்தபின் அதே போர்டைக் கழித்தால் ஏறக்குறைய கறுப்பாகவே வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது சோதனையில்தான் கழித்தல் முறையே எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்: கையால் சரிபார்த்த 30 வெவ்வேறு நல்ல போர்டுகள், போர்டுக்கு ஒரு படம்.

விளிம்புகள் மறுபடி ஒளிரும். இந்த முறை அதைப் பொருத்திச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் பாகங்களே உண்மையில் நகர்ந்திருக்கின்றன. 0603 ரெசிஸ்டர் பேடின் மேல் 0.15 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தால் அது நல்ல போர்டுதான், சால்டரும் நன்றாகவே பிடித்திருக்கும். ஆனால் படத்தில் அது 5 பிக்சல். ஐசியின் மேல் தேதிக் குறியீடு லாட்டுக்கு லாட்டு மாறும். கபாசிட்டர்களின் பழுப்பு நிறம் ரீலுக்கு ரீல் மாறும். அடுத்த முறை போர்டு வரும்போது பச்சையே வேறு பச்சையாக இருக்கும். இவை எல்லாமே கழித்தலுக்குப் பழுது மாதிரிதான் தெரியும்.

பாகம் பொருத்தாத வெற்றுப் போர்டுக்குக் கழித்தல் அருமையான முறை. அங்கே செம்புத் தடம் அறுந்திருக்கிறதா, இரண்டு தடம் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, தடம் தானாக நகர்வதில்லை. பாகம் பொருத்திய போர்டில், எதுவுமே இருக்கக்கூடாத காலி இடங்களுக்கு மட்டும் கழித்தலை வைத்துக்கொள்ளுங்கள். சிதறிய சால்டர் உருண்டை, கீழே விழுந்து ஒட்டிய பாகம் அங்கே நன்றாகச் சிக்கும். பாகங்கள் இருக்கும் இடங்களில் ‘இது மாதிரிப் படத்தைப் போலவே இருக்கிறதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பழுதுக்கான ஒரே ஒரு சின்னக் கேள்வியைக் கேளுங்கள். பிக் அண்ட் ப்ளேஸ் கோப்பில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எக்ஸ், ஒய் இடமும் கோணமும் மி.மீ. கணக்கில் இருக்கும். 1 மி.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று ஃபிடுஷியல்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துத் துல்லியமாக அளந்து, அந்த எண்ணால் பெருக்கி, ஒய் அச்சைத் தலைகீழாக்கி, தொடக்கப்புள்ளியையும் பொருத்தினால் படத்தில் அதன் இடம் கிடைத்துவிடும்.

விடுபட்ட ரெசிஸ்டருக்கான கேள்வி: இரண்டு பேடுக்கும் நடுவே போர்டின் பச்சை தெரிகிறதா? நடுவில் 20 × 16 பிக்சல் மட்டும் எடுத்து, பச்சையின் சராசரியை மூன்று நிறங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கறுப்பு ரெசிஸ்டர் உடலுக்கு இது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். பழுப்புக் கபாசிட்டருக்குச் சிவப்பு மிகுந்து பச்சை அதற்கும் கீழே இறங்கும். வெறும் சால்டர் மாஸ்க் தெரிந்தால் 0.45, 0.5 என்று ஏறும். பாகம் 5 பிக்சல் நகர்ந்தாலும் இந்தக் குட்டிப் பகுதி உடலுக்குள்ளேயே இருக்கும், ரீல் மாறினாலும் கறுப்போ பழுப்போ பச்சையாகிவிடாது. உங்கள் போர்டு கறுப்பு மாஸ்க் என்றால் இந்தக் கேள்வி உதவாது. அப்போது உடலுக்குப் பதிலாக இரு முனைகளின் வெள்ளி நிறத் தகட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

திருப்பி வைத்த டையோடுக்கு, எல்லாரும் பயன்படுத்தும் எம்7 டையோடையே எடுத்துக்கொள்வோம். உடல் 4.3 மி.மீ. நீளம், படத்தில் சுமார் 140 பிக்சல். கேத்தோடு முனையில் வெளிர் பட்டை. நான் முதலில் உடலை இரண்டு பாதியாகப் பிரித்து எது வெளிச்சம் என்று பார்த்தேன். சில டையோடுகளுக்குத் தவறாகச் சொன்னது. உடலின் மேல் அச்சிட்ட ‘M7’ என்ற எழுத்தும் வெளிர்தான். அது நடுவிலிருந்து சற்று எதிர்ப்பக்கமாக விழுந்திருந்த லாட்டில் பட்டையோடு போட்டி போட்டது. பிறகு இரு முனைகளிலும் 1 மி.மீ. மட்டும் எடுத்தேன்:

```python
a = body[:, :33].mean()
b = body[:, -33:].mean()
score = (a - b) / (a + b)
```

`body` என்பது, சரியாக வைத்த டையோடின் பட்டை இடப்பக்கம் வரும்படி திருப்பிய உடலின் கறுப்பு வெள்ளைப் படம். பட்டை உள்ள முனை 118, மறுமுனை 52 என்றால் மதிப்பெண் 66-ஐ 170 ஆல் வகுத்த 0.39. திருப்பி வைத்தால் அதே எண் மைனஸில் வரும். கூட்டுத்தொகையால் வகுப்பதால் விளக்கு கொஞ்சம் மங்கினாலும் மதிப்பெண் பெரிதாக மாறாது. பட்டை தேய்ந்த டையோடு 0.2 வரை இறங்கும். ஆகவே 0.15-க்கு மேல் சரி, பூஜ்யத்துக்குக் கீழே பழுது, இடையில் விழுந்தால் ஆள் பார்க்கட்டும் என்று வைத்தேன்.

இந்த எல்லைகளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 30 நல்ல போர்டுகளின் மதிப்பெண்களையும், வேண்டுமென்றே கெடுத்த சில போர்டுகளின் மதிப்பெண்களையும் ஒரே கோட்டில் புள்ளி புள்ளியாக வரையுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அகலமான இடைவெளி இருந்தால் எல்லையை அதன் நடுவில் வையுங்கள். இடைவெளியே இல்லை, இரண்டும் கலந்து கிடக்கின்றன என்றால் புரோகிராமை நோண்ட வேண்டாம். விளக்குக்குப் போங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள்.

இடைவெளி ஏன் அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. போர்டில் 64 பாகம், ஒவ்வொரு கேள்வியும் ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் வீணாகப் பழுது என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 64 கேள்வியும் சேர்ந்து 100 நல்ல போர்டில் 6-ஐத் தள்ளிவிடும். உங்கள் 200-ல் தினமும் 12. அந்தப் பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பக் காணும் ஆபரேட்டர், ஒரு வாரத்தில் பார்க்காமலே ஓகே அழுத்தத் தொடங்கிவிடுவார். அவர் மேல் தவறில்லை. 30 போர்டில் ஒருமுறைகூட வீண் அறிவிப்பு வரவில்லை என்பதும் போதாது. 30-ல் பூஜ்யம் என்பது, உண்மையான விகிதம் 100-க்கு 10 வரைகூட இருக்கலாம் என்பதோடு முரண்படாது. முதல் சில நூறு போர்டுகளின் மதிப்பெண்களைச் சேமித்து வைத்துப் பார்த்த பிறகே எல்லையை உறுதி செய்யுங்கள்.

அப்புறம், ஓடத் தொடங்கிய பின் அமைப்பு மெதுவாகக் கெடுவதைக் கண்டுபிடிக்க இரண்டு ஏற்பாடு. ஜிக்கின் ஓரத்தில், படத்துக்குள் விழும்படி, சாம்பல் நிற அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஒவ்வொரு படத்திலும் முதலில் அதன் சராசரியைப் பாருங்கள். தொடங்கிய நாளின் மதிப்பிலிருந்து 3, 4 அளவு விலகினால் சோதனையையே நிறுத்திச் சொல்லட்டும். தூசி படிந்த பேசின், வயதான எல்இடி, யாரோ திறந்துவிட்ட மூடி எல்லாம் இதில் சிக்கும். இரண்டாவது, ஒரு ரெசிஸ்டரை எடுத்து, ஒரு டையோடைத் திருப்பி, இரண்டு ஐசி காலைச் சால்டரால் ஒட்டிய ஒரு பழுதுப் போர்டைத் தயார் செய்து சிவப்பு பெயின்ட் அடித்து வையுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் அதில்தான் தொடங்க வேண்டும். மூன்றையும் பிடித்தால் மட்டும் மற்ற போர்டுகளை ஏற்கட்டும்.

இதால் முடியாதவற்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 0.5 மி.மீ. இடைவெளிக் கால்கள் உள்ள ஐசியில் இரண்டு காலுக்கு நடுவே 9 பிக்சல்தான் கிடைக்கும். பாகம் நகர்வதையும் கழித்தால் 4, 5 பிக்சல் மிஞ்சும், சால்டர் பாலத்தை அங்கே நம்பிச் சொல்ல முடியாது. 1.27 மி.மீ. ஐசி என்றால் பிரச்சினை இல்லை. மேலிருந்து பார்ப்பதால், பேடைத் தொடாமல் மயிரிழை தூக்கி நிற்கும் கால் ஒட்டிய கால் போலவே தெரியும். பிஜிஏவின் அடியில் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் பார்க்க முடியாது. 100 நானோஃபாராட் இடத்தில் 10 நானோஃபாராட் செராமிக் கபாசிட்டரை வைத்திருந்தால், அதன் மேல் எழுத்தே இல்லாததால் கேமரா சரி என்றுதான் சொல்லும். அதற்கு ரீல் மாற்றும்போது மீட்டரில் ஒன்றை அளந்து பார்க்கும் பழக்கம்தான் வழி.

முதலில் 50 படச் சோதனையை மட்டும் செய்து, வந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன் படத்தை இங்கே போடுங்கள். பட்டை தெரிகிறதா, முழுப் படமும் சேர்ந்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.